`good first issue`: அந்த லேபிளை எப்போது ஒட்டுவது, எப்போது கழற்றுவது

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி படிக்கும் ஒருவர் முதன்முதலாக ஒரு திறந்த மூலத் திட்டத்துக்குப் பங்களிக்க நினைத்தால், பெரும்பாலும் கிட்ஹப்பில் இப்படித்தான் தேடுவார்:

```
is:issue is:open label:"good first issue" no:assignee
```

புதியவர் செய்யக்கூடியது என்று பராமரிப்பாளர் குறித்துவைத்த வேலைகளில், இன்னும் யாரும் எடுக்காதவை இதில் வரும். தேடுபவருக்கு அது ஓர் அழைப்பு. ஒட்டியவருக்கோ அது ஒரு கடன். "இந்த வேலையை விளங்கும்படி எழுதியிருக்கிறேன், கேள்வி கேட்டால் பதில் சொல்வேன், நீங்கள் அனுப்பும் திருத்தத்தைச் சில நாட்களுக்குள் பார்ப்பேன்" என்று மூன்று வாக்குகளை அந்தச் சின்ன லேபிள் கொடுத்துவிடுகிறது. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் கையில் உள்ள ஒருவர் இந்தக் கடனை எவ்வளவு வாங்கலாம், எந்த வேலைக்கு வாங்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஓர் உதாரணத் திட்டத்தை வைத்துக்கொள்வோம். கிராமத்து வாசிகசாலைகள் தங்கள் புத்தகப் பட்டியலை இணையத்தில் போடுவதற்கான சிறிய மென்பொருள் அது. பராமரிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லடியில் இருக்கிறார், மற்றவர் கல்முனையில் ஆசிரியர். இருவருக்கும் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை.

மென்பொருளில் பிழை கண்டவர், புது வசதி வேண்டுபவர், பாவிக்கத் தெரியாமல் கேட்பவர் எல்லாரும் எழுதுவது ஒரே இடத்தில்தான். அப்படி எழுதப்படும் ஒவ்வொன்றும் ஓர் இஷ்யூ. வந்த இஷ்யூக்களைப் பார்த்து, எது உடனே, எது பிறகு, எது தேவையில்லை என்று பிரிப்பது ட்ரியாஜ். ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடப்பதும் அதே பெயருள்ள அதே வேலைதான். அங்கே வாசலில் நிற்கும் தாதி யாருக்கும் வைத்தியம் செய்வதில்லை, யார் முதலில் உள்ளே போகவேண்டும் என்று மட்டுமே முடிவு செய்கிறார். இந்த வித்தியாசத்தை மறப்பதுதான் பராமரிப்பாளர்கள் அதிகம் செய்யும் பிழை. முதல் இஷ்யூவைத் திறந்ததும் அதைத் திருத்தவே உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு மணித்தியாலமும் அதிலேயே போய்விடும், எழுதிய மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை பதில் இருக்காது.

முதல் சுற்றில் ஓர் இஷ்யூவுக்கு மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. அந்த நேரத்துக்குள் பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான். இது பாதுகாப்புக் குறைபாடா? அப்படியென்றால் பொது இடத்தில் விவாதத்தை வளர்க்காமல் தனிவழிக்கு மாற்றவேண்டும். அதற்கான முகவரியை `SECURITY.md` கோப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். அடுத்தது, இதே விடயத்தை வேறு யாராவது ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா? கடைசியாக, இதை வாசித்துவிட்டு நம் கணினியில் அதே பிழையை வரவைக்க முடியுமா? முடியாவிட்டால் `needs info` என்று லேபிள் போட்டு, என்ன தகவல் வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஒரே தரத்தில் ஐந்து கேள்வி கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒன்றுக்கும் பதில் போடமாட்டார்கள்.

இனி நம் உதாரணத்துக்கு வந்த ஓர் இஷ்யூவைப் பார்ப்போம். தலைப்பு "சேர்ச் வேலை செய்யுதில்ல". உள்ளே இரண்டு வரி:

> கொக்கட்டிச்சோலை எண்டு அடிச்சா ஒண்டும் வருதில்ல. ஆனா அந்தப் புத்தகம் லிஸ்ட்டில இருக்கு. கெதியா பாருங்க.

எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு, ஒன்றும் இல்லை. இதைப் பார்த்ததும் `needs info` போடத்தான் கை போகும். ஆனால் இந்த இரண்டு வரிக்குள் ஒரு நல்ல தகவல் இருக்கிறது: என்ன சொல்லைத் தேடினார் என்பது. பழைய இஷ்யூக்களைப் புரட்டினால், முந்தின மாதம் இன்னொருவர் "பொத்துவில்" என்று தேடி ஒன்றும் வரவில்லை என எழுதியிருக்கிறார். அதற்கு `needs info` போட்டு, பதில் வராமல் கிடக்கிறது. "மட்டக்களப்பு", "கல்முனை", "அம்பாறை" என்று தேடினால் எல்லாம் வருகிறது. "கோமாரி" வரவில்லை. "கொக்கட்டிச்சோலை" என்று முழுதாக அடிக்காமல் "கட்டிச்" என்று நடுத்துண்டை மட்டும் அடித்தால், அந்தப் புத்தகம் வருகிறது.

வராத பெயர்கள் எல்லாவற்றிலும் ஒகர, ஓகாரக் குறி இருப்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. யூனிகோட்டில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ொ என்ற ஒரே குறி, அதாவது U+0BCA வருவது ஒரு முறை. க-வுக்குப் பின் ெ, அதன் பின் ா, அதாவது U+0BC6-உம் U+0BBE-உம் தனித்தனியே வருவது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துத் தொடர்கள். பாமினி எழுத்துருவில் "கொ" என்பதற்கு `nfh` என்று மூன்று விசை அடிக்கவேண்டும். அப்படித் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை யூனிகோட்டுக்கு மாற்றும்போது சில மாற்றிகள் ெ-ஐயும் ா-வையும் சேர்க்காமல் அப்படியே விட்டுவிடும். வாசிகசாலைப் பட்டியல் அப்படி வந்தது, தேடுபவரின் கைபேசி விசைப்பலகையோ ஒரே குறியாகத் தருகிறது. இரண்டும் பொருந்தாது. பிரவுசரின் கன்சோலில் இதை ஒரு நிமிடத்தில் உறுதிசெய்யலாம்:

```js
"\u0B95\u0BCA" === "\u0B95\u0BC6\u0BBE"                  // false
"\u0B95\u0BCA" === "\u0B95\u0BC6\u0BBE".normalize("NFC") // true
```

இரண்டாவது வரியிலேயே தீர்வும் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் `normalize("NFC")` செய்துவிட்டால் பொருந்திவிடும். பழைய பொத்துவில் இஷ்யூவை இதன் நகல் என்று மூடி, இரண்டையும் இணைத்துவிடலாம். முதலில் எழுதியவருக்கும் அறிவிப்புப் போகும்.

தேடல் எழுதப்பட்ட கோப்பு தெரியும், மாற்றவேண்டியது இரண்டு வரி. பராமரிப்பாளர் தானே செய்தால் பத்து நிமிடம், சோதனையும் எழுதினால் இருபது. இதையே புதியவருக்கு என்று எழுதிவைப்பதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். வரும் திருத்தத்தைப் பார்க்க இன்னொரு அரை மணித்தியாலம், அதில் ஏதாவது குறை சொல்லித் திரும்பப் பார்த்தால் மேலும் கொஞ்சம். ஆகமொத்தம் தானே செய்வதைவிட மூன்று, நான்கு மடங்கு. "நேரம் இல்லை, அதனால் `good first issue` போட்டுவிட்டேன்" என்று சொல்பவர் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அந்த லேபிள் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, செலவாக்குகிறது. அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பது, திட்டத்தின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த இன்னொரு ஆள். வந்தவர்களில் பலர் ஒரு திருத்தத்தோடு போய்விடுவார்கள், அதையும் கணக்கில் எடுத்தே செலவழிக்கவேண்டும்.

ஆகவே ஒரே நேரத்தில் எத்தனை திறந்து வைக்கலாம் என்பதை நேரத்தை வைத்துத்தான் சொல்லலாம். கிழமைக்கு இரண்டு மணித்தியாலத்தில் புதிய இஷ்யூக்களைப் பிரிக்க நாற்பது நிமிடம் போனால், மிஞ்சுவது எண்பது நிமிடம். அதில் இரண்டு திருத்தங்களைப் பார்க்கலாம். அப்படியானால் இரண்டு, மிஞ்சினால் மூன்று லேபிள்கள். இருபது இஷ்யூவில் லேபிள் ஒட்டி, இருபது பேர் திருத்தம் அனுப்பி, இரண்டு மாதம் ஒருவருக்கும் பதில் போகாத திட்டங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைவிட லேபிளே இல்லாத திட்டம் மேல்.

அடுத்த கேள்வி, இந்தப் பிழை காத்திருக்கக்கூடியதா என்பது. தரவை அழிக்கும் பிழை, உள்நுழைய விடாத பிழை போன்றவற்றைப் புதியவருக்காக ஒரு நாள்கூட வைத்திருக்கக்கூடாது. நம் தேடல் பிழைக்கு மாற்றுவழி இருக்கிறது, நடுத்துண்டை அடித்தால் புத்தகம் கிடைக்கும். எனவே இரண்டு கிழமை பொறுக்கலாம். அந்தக் கெடுவையும் இஷ்யூவிலேயே எழுதிவிடுவது நல்லது.

இனி அந்த எழுத்து வேலை. அறிவித்தவரின் இரண்டு வரியில் அப்படியே லேபிளை ஒட்டினால் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. தலைப்பை "ொ, ோ உள்ள சொற்கள் தேடலில் கிடைப்பதில்லை" என்று மாற்றிவிட்டு, கீழே இப்படி ஒரு குறிப்பு போடலாம்:

> காரணம்: பட்டியலில் உள்ள "கொ" மூன்று குறியீடாகவும், தேடுபவர் அடிக்கும் "கொ" இரண்டு குறியீடாகவும் இருக்கிறது. மேலே உள்ள கன்சோல் வரிகளைப் பாருங்கள்.
>
> மாற்றவேண்டிய இடம்: `src/search.js` கோப்பில் `matchTitle` என்ற ஃபங்ஷன். தேடுசொல், புத்தகத் தலைப்பு இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் `normalize("NFC")` செய்யவேண்டும்.
>
> தொடவேண்டாதவை: தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ள பதிவுகள். ௌ பற்றிய சிக்கல், அது வேறு இஷ்யூ.
>
> முடிந்ததா என்று அறிய: கொக்கட்டிச்சோலை, பொத்துவில், கோமாரி மூன்றுக்கும் இரண்டு வடிவத்திலும் சோதனை எழுதுங்கள். `npm test` பிழையில்லாமல் ஓடவேண்டும்.
>
> கேள்வி இருந்தால்: இங்கேயே கேளுங்கள். ஞாயிறு இரவுக்குள் பதில் வரும். இரண்டு கிழமைக்குள் யாரும் எடுக்காவிட்டால் நாங்களே செய்துவிடுவோம்.

இதில் அதிகம் பேர் எழுதாமல் விடுவது "தொடவேண்டாதவை" என்ற வரி, ஆனால் அதிகம் உதவுவதும் அதுதான். ஆர்வமாக வருபவர் தேடலைத் திருத்திவிட்டு, "பழைய தரவையும் சரிசெய்தால் என்ன" என்று தரவுத்தளத்தையும் மாற்றி அனுப்புவார். அதைப் பார்க்க அரை மணித்தியாலம் போதாது. காப்புப் பிரதி எடுத்தாயிற்றா, இடையில் நின்றுபோனால் என்ன நடக்கும் என்று யோசிக்கவேண்டிவரும். கடைசியில் நல்ல பாதியும் கெட்ட பாதியும் ஒரே புல் ரிக்வெஸ்டில் ஒட்டிக்கொண்டு, ஒன்றையும் ஏற்க முடியாமல் கிடக்கும்.

இப்போது அந்த ௌ இஷ்யூவுக்கு வருவோம். பார்ப்பதற்கு இது முதலாவதன் தம்பி போலவே இருக்கும். ஒருவர் "மௌலவி" என்று தேடுகிறார், பட்டியலில் "மெளலவி" என்று இருக்கிறது, கிடைக்கவில்லை. இரண்டும் திரையில் ஏறத்தாழ ஒன்றுதான். முந்தினதை ஒட்டிய கையோடு இதிலும் `good first issue` ஒட்டத்தான் மனம் வரும். ஒட்டக்கூடாது.

ஏனென்றால் "மௌ" என்பதில் வருவது ௌ என்ற ஒரே குறி, U+0BCC. "மெள" என்று அடித்தவர் போட்டிருப்பது ெ குறியும், அதன்பின் ள என்ற முழு எழுத்தும். யூனிகோட் விதிப்படி இவை இரண்டும் சமம் அல்ல, வெறுமனே பார்வைக்கு ஒத்தவை. NFC இதைத் தொடாது. புதியவர் அடுத்ததாக என்ன செய்வார் என்று ஊகிக்கலாம்: "ெள" வரும் இடமெல்லாம் ௌ என்று மாற்றும் ஒரு வரி எழுதி, "மெளலவி" சரியாகிவிட்டது, சோதனையும் ஓடிவிட்டது என்று அனுப்புவார். அந்த வரி "வெல்லாவெளி"யில் உள்ள "வெளி"யையும், "வெள்ளம்", "தெளிவு" எல்லாவற்றையும் குதறிவிடும். ள-வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் மாற்றாதே என்று விதி சேர்க்கலாம். அப்போது வெளி, வெள்ளம் தப்பும். ஆனால் "பெளர்ணமி"யில் பிழையாக இருப்பதும் வேறொரு சொல்லில் சரியாக இருக்கக்கூடியதும் எழுத்தளவில் ஒரே அமைப்பு, அந்த விதிக்கு வித்தியாசம் தெரியாது. சொற்பட்டியல் வேண்டுமா, தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதா என்பது திட்டத்தை அறிந்தவர்கள் எடுக்கவேண்டிய முடிவு.

வேலை சின்னதா பெரிதா என்று பார்த்து லேபிள் ஒட்டுவது இதனால்தான் சரிவராது. எடுக்கவேண்டிய முடிவு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதலாவதில் முடிவெல்லாம் எடுத்தாயிற்று, செய்வது மட்டும் மிச்சம். இரண்டாவதில் ஒரே வரிதான் மாறப்போகிறது என்றாலும் எந்த வரி என்பது இன்னும் தெரியாது. அதற்கு `help wanted` போடலாம், அல்லது லேபிளே இல்லாமல் விடலாம். புதியவர் அதில் மாட்டிக்கொண்டால் மூன்று தரம் திருத்தச் சொல்லி அலைக்கழித்துவிட்டு, கடைசியில் மூடவேண்டிவரும்.

சரி, தேடல் இஷ்யூவில் லேபிள் ஒட்டியாயிற்று. இரண்டு நாளில் ஒருவர் எழுதுகிறார்: "அண்ணா, இதை நான் எடுக்கலாமா?" அடுத்த நாள் இன்னொருவர், "ஐ வோண்ட் டு வேர்க் ஒன் திஸ்" என்று ஆங்கிலத்தில். இங்கே முதலில் கேட்டவருக்கு இஷ்யூவை ஒதுக்கிவிடவேண்டும். கருத்து எழுதிய யாரையும் கிட்ஹப்பில் அசைனியாகப் போடலாம், அவருக்கு ரெப்போவில் எழுதும் உரிமை இருக்கவேண்டியதில்லை. போட்டதும் `no:assignee` தேடலில் இருந்து அது மறைந்துவிடும், மூன்றாமவர் வரமாட்டார். ஒதுக்கும்போதே "14 நாளுக்குள் ஒரு வரைவாவது அனுப்புங்கள், முடியாவிட்டால் ஒரு சொல் எழுதுங்கள், வேறொருவருக்குக் கொடுப்போம்" என்றும் சொல்லிவிடவேண்டும். 14 நாள் கழிந்தும் சத்தமில்லை என்றால் கோபப்படாமல் அசைனியை எடுத்துவிட்டு, காத்திருப்பவரைக் கூப்பிடலாம். பரீட்சை வந்திருக்கும், கரன்ட் போயிருக்கும், எதுவும் நடந்திருக்கும். காரணம் கேட்டு எழுத நேரம் இல்லை.

இந்தப் பதில்களை ஒவ்வொரு தரமும் புதிதாக அடிக்கத் தேவையில்லை. கிட்ஹப்பின் அமைப்புகளில் சேமித்த பதில்கள் என்று ஒரு வசதி உண்டு. ஒதுக்கும் பதில், தகவல் கேட்கும் பதில், நகல் என்று மூடும் பதில், இந்த மூன்றையும் மரியாதையான தமிழில் ஒருமுறை எழுதிவைத்தால் போதும். கைபேசியில் அவசரமாக அடிக்கும் ஒற்றை வரி பதில் பெரும்பாலும் முறைப்பாகத்தான் போய்ச்சேரும்.

வாசலிலேயே கொஞ்சம் வடிகட்டவும் முடியும். ரெப்போவில் `.github/ISSUE_TEMPLATE/` என்ற அடைவுக்குள் `bug.yml` என்று ஒரு கோப்பு வைத்தால், பிழை எழுத வருபவருக்கு வெற்றுப் பெட்டிக்குப் பதிலாக ஒரு படிவம் திறக்கும்:

```yaml
name: பிழை அறிவிப்பு
description: ஏதாவது வேலை செய்யாவிட்டால்
labels: ["needs triage"]
body:
  - type: textarea
    id: steps
    attributes:
      label: என்ன அடித்தீர்கள், என்ன வந்தது?
    validations:
      required: true
```

`needs triage` என்ற லேபிளை ரெப்போவில் முன்னரே உருவாக்கியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது தானாக ஒட்டாது. படிவத்தில் கேள்வி ஒன்று, கூடினால் இரண்டு. பத்துக் கேள்வி வைத்தால், நம் கொக்கட்டிச்சோலைக்காரர் போன்றவர்கள் பாதியில் விட்டுப் போய்விடுவார்கள், அந்தப் பிழை நமக்குத் தெரியவராமலே போகும்.

பதில் வராத இஷ்யூக்களைத் தானாக மூடும் `actions/stale` என்ற கருவியும் உண்டு. மாற்றாமல் விட்டால் 60 நாள் அசைவில்லாத எல்லாவற்றையும் குறித்து, அதன்பின் 7 நாளில் மூடிவிடும். அதை அப்படியே போடுவது நல்ல யோசனையல்ல. பராமரிப்பாளர் பார்க்காததால் கிடக்கும் இஷ்யூவையும் அறிவித்தவரின் பிழை போல அது மூடிவிடும். `only-labels` என்ற அமைப்பில் `needs info` என்று கொடுத்து, நாம் கேள்வி கேட்டுப் பதில் வராதவற்றுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தவேண்டும். அப்போதும் ஒரு ஆபத்து மிச்சமிருக்கிறது. பொத்துவில் இஷ்யூ இப்படி மூடப்பட்டிருந்தால், திறந்தவற்றை மட்டும் தேடுபவருக்கு அந்த இரண்டாவது துப்புக் கிடைத்திருக்காது. நகல் தேடும்போது `is:open` என்பதை நீக்கிவிட்டுத் தேடுவது அதனால்தான்.

ஒக்டோபர் மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டீ-சேர்ட் தருவதாக இருந்தது. 2020-இல் அதற்காகவே முற்றுப்புள்ளி மாற்றி, ஒரு சொல் சேர்த்து அனுப்பிய திருத்தங்கள் குவிந்தன. பராமரிப்பாளர்கள் குரல் எழுப்பியதும், `hacktoberfest` என்ற தலைப்பைத் தாமாகச் சேர்த்த ரெப்போக்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். இரண்டு மணித்தியாலக்காரர்கள் அந்தத் தலைப்பைச் சேர்க்காமல் இருப்பதே புத்தி.

இரண்டாவது, மூன்றாவது திருத்தம் அனுப்பி நிலைத்தவருக்கு ட்ரியாஜ் வேலையையே கொடுக்கலாம். கிட்ஹப்பில் அதற்கென்று `Triage` என்ற பொறுப்பு இருக்கிறது. அது உள்ளவர் லேபிள் ஒட்டலாம், நகலை மூடலாம், ஆளுக்கு ஒதுக்கலாம், ஆனால் நிரலில் கை வைக்க முடியாது. தனிநபர் கணக்கில் உள்ள ரெப்போவுக்கு இந்தப் பொறுப்புக் கிடையாது, அமைப்புக் கணக்குக்கு மாற்றியிருக்கவேண்டும். அமைப்புக் கணக்கை இலவசமாகவே திறக்கலாம்.

கடைசியாக, கழற்றுவது. கல்முனை ஆசிரியருக்கு உயர்தரப் பரீட்சைக் காலம், கல்லடிக்காரருக்கு வீட்டில் கலியாணம் என்றால், ஒரு மாதம் யாரும் திருத்தம் பார்க்கப்போவதில்லை. அதற்கு முன் யாருக்கும் ஒதுக்காத `good first issue` லேபிள்களை எடுத்துவிடவேண்டும். இஷ்யூ திறந்தபடியே இருக்கலாம், எழுதிய குறிப்பும் அங்கேயே இருக்கும், திரும்பி வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம். கிட்ஹப்பின் கட்டளைவரிக் கருவி கணினியில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, 41 என்பது இஷ்யூவின் எண்:

```
gh issue edit 41 --remove-label "good first issue"
```